எலுமிச்சை பேட்டரியில் ஒடுக்கம் அடைவது எது? செம்பா, வேறு ஏதாவதா?

கண்டனூர் டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்புக்கு முதல் பாடத்திலேயே ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் வந்துவிடுகின்றன. எலக்ட்ரானை இழப்பது, ஏற்பது என்று பலகையில் எழுதினால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், ஆனால் கண்ணால் பார்க்க ஒன்றும் இருக்காது. அதனால் எலுமிச்சை பேட்டரி செய்து காட்டினேன்.

நான்கு பெரிய பழங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜிஐ ஆணி, ஒரு செம்புக் கம்பித் துண்டு, இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. மல்டிமீட்டரில் ஒரு பழத்துக்கு 0.95 வோல்ட் வந்தது. நான்கையும் தொடராக இணைத்தால் 3.8. சிவப்பு எல்இடி மங்கலாக எரிந்தது, சன்னலைச் சாத்தியதும் எல்லோருக்கும் தெரிந்தது.

அதுவரை நல்லது. ஆணியில் இருக்கும் துத்தநாகம் எலக்ட்ரானை இழக்கிறது, அது ஆக்சிஜனேற்றம் என்றேன். அப்போது பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அப்படின்னா டீச்சர், செம்பு ஒடுக்கம் அடையுதா? அது ஏற்கெனவே உலோகமாத்தானே இருக்கு, இன்னும் எதை வாங்கும்?"

நல்ல கேள்வி. செம்பில் ஹைட்ரஜன் அயனிதான் எலக்ட்ரானை வாங்குகிறது என்று சொன்னேன். "அப்ப செம்புல குமிழி வரணுமே, ஆணியிலதானே வருது?" என்றாள். பார்த்தால் அவள் சொன்னதுதான் உண்மை. ஆணியைச் சுற்றிச் சாற்றில் நுண்குமிழிகள், செம்பில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் இதை வகுப்பில் மறுபடியும் எடுக்கப் போகிறேன். செம்பில் என்ன நடக்கிறது என்பதை வாயால் சொல்லாமல் காட்ட வழி உண்டா?

இயற்பியல் சார்

வணக்கம் டீச்சர். இதில் குழப்பமே இல்லை. நியம மின்முனை அழுத்தம் துத்தநாகத்துக்கு 0.76, செம்புக்கு 0.34. கூட்டினால் 1.10 வோல்ட். உங்களுக்கு 0.95 வந்திருக்கிறது. மீதி 0.15 பழத்தின் உள்தடையில் போய்விட்டது. எலுமிச்சையின் உள்தடை மிக அதிகம், கிலோ ஓம் கணக்கில் இருக்கும். அதனால்தான் எல்இடியும் மங்கலாக எரிகிறது. டார்ச் பல்பு போட்டால் எரியவே எரியாது, அதற்கு 200, 300 மில்லி ஆம்பியர் வேண்டும்.

செம்பு அயனி எலக்ட்ரானை வாங்கிச் செம்பாகப் படிகிறது. டேனியல் மின்கலத்தில் நடப்பதுதான் இங்கேயும். அப்படியே சொல்லிக்கொடுங்கள்.

ஒயரிங் செந்தில்

டீச்சர், பொருளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்கிறேன். ஆணிக் கடையில் "ஜிஐ ஆணி" என்று கேட்டாலும் சில சமயம் வெறும் இரும்பு ஆணியைப் பாலீஷ் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மீட்டரில் தெரிந்துவிடும்: செம்போடு சேர்த்தால் துத்தநாகப் பூச்சுக்கு 0.9-ஐத் தாண்டும், இரும்பென்றால் 0.5 பக்கம்தான் நிற்கும். உங்களுக்கு 0.95 வந்ததால் அசல்தான். ஆனால் பூச்சு மெல்லியது, அதே ஆணியைத் திரும்பத் திரும்பக் குத்தினால் உள்ளே இருக்கும் இரும்பு வெளியே வந்துவிடும். கூரை போடுகிறவர்களிடம் ஜிஐ தகட்டுத் துண்டு கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள்.

செம்புக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு ஒயர் போதும், மேலே உறையை உரித்துவிட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். பழைய கடைகளில் பித்தளையைச் செம்பென்று தருவார்கள், கவனம்.

மின்வாய்

காரைக்குடியில் இருக்கும் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியில் நெடுங்காலம் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டீச்சரின் மாணவி கேட்டது சரியான இடத்தில் விழுந்த கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இயற்பியல் சார், எல்இடி ஏன் மங்கல் என்பதற்கு நீங்கள் சொன்ன உள்தடை சரி. ஆனால் 0.15 வோல்ட் குறைவுக்கு அது காரணம் ஆகாது. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். பழத்தின் தடை சில கிலோ ஓம் என்றாலும், மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் உள்ளே விழும் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்டைத் தொடுவதே அரிது. 0.15 அதில் போக வழியே இல்லை.

1.10 என்பது இந்தக் கலத்தின் கணக்கே இல்லை. அது செம்பு அயனிகள் நிறைந்த கரைசலில் செம்பு நிற்கும்போது வருவது. டேனியல் 1836-இல் செய்த கலத்தில் செம்பைச் சுற்றி மயில்துத்தக் கரைசல் இருக்கும். எலுமிச்சையில் மயில்துத்தம் எங்கே இருக்கிறது? இல்லாத அயனி எப்படி ஒடுக்கம் அடையும்?

அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. செம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பென்சில் கிராஃபைட்டைக் குத்துங்கள். 6பி பென்சிலை இரு முனையிலும் சீவினால் போதும். மின்னழுத்தம் அப்போதும் 0.9-ஐ ஒட்டித்தான் இருக்கும். செம்பே இல்லாத கலத்தில் செம்பு எப்படிப் படியும்? செம்பு இங்கே எலக்ட்ரானை இறக்கிவிடும் படித்துறை மட்டுமே. இறங்குகிற எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது சாற்றில் இருக்கும் ஒன்று.

ஒரு எச்சரிக்கை: தீர்ந்த டார்ச் கட்டையை உடைத்து அதன் கரிக்கோலைப் பயன்படுத்தாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தூளில் மாங்கனீஸ் டையாக்சைடு உண்டு, அது தானே எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு மின்னழுத்தத்தைக் கூட்டிவிடும். பிள்ளைகள் தவறான முடிவுக்குப் போய்விடுவார்கள்.

தேவகோட்டை ஆச்சி

எங்கள் வீட்டில் பழைய செம்புப் பாத்திரம், பித்தளைப் பாத்திரம் நிறைய இருக்கின்றன. ஈயம் பூசாமல் அதில் புளி, எலுமிச்சை எதுவும் வைக்கக் கூடாது, களிம்பு ஏறிவிடும் என்று என் மாமியார் சொல்வார்கள். போன மாதம் என் பேத்தி ஈயம் போன செம்புச் சட்டியில் எலுமிச்சை ஊறுகாயைக் கொட்டி வைத்துவிட்டாள். நான்கு நாளில் சுற்றி எல்லாம் பச்சை. அப்படியே தூக்கிக் கொட்டிவிட்டோம். செம்பு வெறும் படித்துறைதான், அது கரையாது என்பது போல இங்கே சொல்கிறீர்கள். அப்புறம் அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? பேட்டரி செய்த பழத்தைப் பிள்ளைகள் பிழிந்து குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா.

மின்வாய்

ஆச்சி, உங்கள் மாமியார் சொன்னதில் தவறே இல்லை, அது எங்கள் பேச்சுக்கும் தேவையானதுதான். செம்பு அமிலத்தில் மட்டும் தனியாகக் கரையாது. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் கூடச் சேரும்போது மெல்லக் கரையும். சட்டியில் சாறு காற்றுபடும் விளிம்பில்தான் பச்சை முதலில் பிடித்திருக்கும், நினைத்துப் பாருங்கள். பழத்தில் குத்திய செம்புக்கு அது நடக்காததற்குக் காரணம், துத்தநாகத்தோடு கம்பியால் இணைத்திருப்பது. எலக்ட்ரான் செம்புக்குள் வந்துகொண்டே இருக்கும்வரை அது இழக்கும் பக்கம் போகாது. இணைப்பை எடுத்துவிட்டுக் கம்பியை அப்படியே விட்டால் மெல்லக் கரையும்.

பழத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை டீச்சர் கண்டிப்பாக வகுப்பில் சொல்ல வேண்டும். ஆணியைச் சுற்றி துத்தநாகம் கரைந்திருக்கும். அந்தப் பழங்கள் எரு குழிக்குத்தான்.

இயற்பியல் சார்

கிராஃபைட் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன், செய்து பார்த்தேன். 0.91 வந்தது. ஆனால் ஒரு கேள்வி. ஹைட்ரஜன் அயனிதான் வாங்குகிறது என்றால், ஹைட்ரஜனுக்கு நியம மதிப்பு சுழியம். அப்போது 0.76 தானே வர வேண்டும்? அதுவும் எலுமிச்சையின் பிஎச் 2-க்கு இன்னும் 0.12 குறைத்து 0.64 தான் வர வேண்டும். நமக்கோ 0.95 வருகிறது. செம்பு அயனி இல்லை என்றால் கூடுதல் எங்கிருந்து வந்தது?

மின்வாய்

சரியான கேள்வி. இரண்டு பக்கமும் பாருங்கள்.

துத்தநாகப் பக்கம்: 0.76 என்பது லிட்டருக்கு ஒரு மோல் துத்தநாக அயனி இருக்கும்போது. பழத்தில் குத்திய உடனே அதில் மிகச் சிறு பங்குதான் இருக்கும். அயனி குறையக் குறைய துத்தநாகம் கரைய இன்னும் முந்தும், பத்து மடங்கு குறைந்தால் சுமார் 0.03 வோல்ட் கூடும். பத்தாயிரம் மடங்கு குறைவு என்று வைத்தாலே 0.12 திரும்பக் கிடைத்துவிடும். ஆக மறுபடி 0.76.

மீதியைத் தருவது செம்புப் பக்கம். அங்கே ஹைட்ரஜன் அயனியைவிட முண்டியடித்து எலக்ட்ரானை வாங்கக்கூடியவை இரண்டு இருக்கின்றன. ஒன்று, செம்பின் மேலே காற்றுபட்டு உண்டான மெல்லிய ஆக்சைடு படலம். இன்னொன்று, சாற்றில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். மீட்டர் மட்டும் இணைத்திருக்கும்போது மின்னோட்டம் அநேகமாக இல்லை, அதனால் கொஞ்சம் ஆக்சிஜன் இருந்தாலே மின்னழுத்தத்தை மேலே பிடித்து நிறுத்திவிடும். எல்இடியை இணைத்து எலக்ட்ரான் ஓட ஆரம்பித்ததும் படலமும் அருகில் இருக்கும் ஆக்சிஜனும் தீர்ந்துவிடும். அப்புறம்தான் ஹைட்ரஜன் அயனியின் முறை முழுசாக வருகிறது.

பாட்டரியில் பிள்ளைகளே இதைக் கவனிக்கலாம். எல்இடியைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு, பிறகு அதைக் கழற்றிவிட்டு மீட்டரை மட்டும் பாருங்கள். எண் ஒரே தாவலில் கொஞ்ச தூரம் ஏறும். அது சாற்றின் தடையால் விழுந்திருந்த பங்கு, மின்னோட்டம் நின்றதும் உடனே திரும்புகிறது. மீதி நிமிடக் கணக்கில் மெல்ல மெல்ல ஏறும். அது செம்பின் முகத்தில் ஆக்சிஜன் மறுபடி வந்து சேரும் நேரம். உள்தடை என்று ஒரே பெயரில் நாம் சொல்வதில் இந்த இரண்டும் கலந்திருக்கின்றன.

டீச்சரின் கலத்துக்கே கணக்குப் போடலாம். எல்இடி எரியும்போது அதன் முனைகளில் மின்னழுத்தமும், தொடரில் மின்னோட்டமும் எவ்வளவு என்று எழுதுங்கள்.

கண்டனூர் டீச்சர்

இன்று மதியம் அளந்தேன். எரியும்போது 1.7 வோல்ட், 0.4 மில்லி ஆம்பியர்.

மின்வாய்

அப்படியானால் 3.8-இல் 1.7 போக 2.1 வோல்ட் பழங்களுக்குள்ளேயே விழுகிறது. 0.4 மில்லி ஆம்பியரால் வகுத்தால் சுமார் 5.2 கிலோ ஓம், ஒரு பழத்துக்கு 1.3. செம்பை இன்னும் ஆழமாகக் குத்தி, இரண்டு உலோகத்தையும் அருகருகே வைத்தால் இது இறங்கும். தொடக்கூடாது, அவ்வளவுதான். பழத்தை உள்ளங்கையில் உருட்டி உள்ளே இருக்கும் சுவர்களை உடைத்துவிட்டாலும் இறங்கும்.

இப்போது குமிழிக்கு வருவோம். 0.4 மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 1.44 கூலும். அதில் கரையும் துத்தநாகம் பழத்துக்கு அரை மில்லிகிராம். உண்டாகும் ஹைட்ரஜன், எல்லா எலக்ட்ரானையும் ஹைட்ரஜன் அயனியே வாங்கினால்கூட, 0.2 மில்லிலிட்டருக்கும் கீழே. அதுவும் ஒரு மணி நேரம் பரவி, பழச் சதைக்குள். கண்ணுக்குத் தெரியாததில் ஆச்சரியம் இல்லை.

ஆணியில் வரும் குமிழி வேறு கதை. துத்தநாகம் கரையும்போது விடும் எலக்ட்ரான் எல்லாம் கம்பி வழியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆணியின் மேலேயே பூச்சில் அழுக்கோ இரும்போ இருக்கும் இடத்தில், பக்கத்தில் நிற்கும் ஹைட்ரஜன் அயனி அதை வாங்கிக்கொள்ளும். ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் ஒரே ஆணியில் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன, எல்இடிக்கு அதனால் பயன் இல்லை. இணைப்பைக் கழற்றி வைத்தாலும் அந்தக் குமிழி நிற்காது, அதை அவளுக்குக் காட்டுங்கள்.

செம்பில் குமிழி பார்க்க வேண்டும் என்றால் பழத்தை விடுங்கள். சாறு பிழிந்து துணியில் வடிகட்டிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். செந்தில் சொன்ன ஜிஐ தகடு ஒன்று, நன்றாகத் தேய்த்த செம்புத் தகடு ஒன்று. முதலில் தொடாமல் வையுங்கள்: துத்தநாகத்தில் மட்டும் குமிழி. பிறகு சாற்றுக்கு வெளியே இரண்டின் மேல்முனையையும் ஒன்றோடொன்று சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். சில நிமிடம் பொறுத்தால் செம்பின் முகத்தில் ஊசி முனை அளவுக்கு முத்து முத்தாகக் குமிழி ஒட்டும். பிரித்தால் புதுக் குமிழி வராது. நடுவில் எல்இடி, மீட்டர் எதுவும் வேண்டாம்.

கண்டனூர் டீச்சர்

பார்த்துவிட்டேன் ஐயா! மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் நன்றாகத் தெரிகிறது. முனைகளைப் பிரித்ததும் செம்பில் இருந்த பழைய குமிழிகள் ஒன்றிரண்டு மேலே போயின, புதிதாக எதுவும் உண்டாகவில்லை. மறுபடி சேர்த்தேன், மறுபடி வந்தன.

இன்னொன்றும் செய்தேன். ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வுக்கு வைத்திருக்கும் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு கரைசல் ஞாபகம் வந்தது. துத்தநாகம் இருந்தால் வெண்மை, செம்பு இருந்தால் பழுப்பு. நான்கு பழத்திலும் ஆணி இருந்த குழியிலிருந்து சில சொட்டுச் சாறு, செம்பு இருந்த குழியிலிருந்து சில சொட்டு, தனித்தனிச் சோதனைக் குழாயில் எடுத்துத் தண்ணீர் கலந்தேன். ஆணிப் பக்கம் உடனே பால் போல வெளுத்தது. பழைய ஆணி இருந்த ஒரு பழத்தில் மட்டும் நீலம் ஓடியது.

செம்புப் பக்கம்தான் யோசிக்க வைக்கிறது. நன்றாகத் தேய்த்த கம்பிகளில் ஒன்றும் தெரியவில்லை. தேய்க்காமல் குத்திய ஒரு கம்பியின் குழியில் லேசாகப் பழுப்புச் சாயல்.

ஒயரிங் செந்தில்

நீலம் இரும்புதானே டீச்சர்? சொன்னேனே, பூச்சு போய்விடும் என்று.

இயற்பியல் சார்

அந்தப் பழுப்பைப் பாருங்கள்! தேய்க்காத கம்பியில் செம்பு அயனி இருந்திருக்கிறது. ஆக தொடக்கத்தில் கொஞ்ச நேரமாவது செம்பு அயனி ஒடுங்குகிறது என்று நான் சொன்னதில் ஒரு பங்கு உண்மை உண்டு.

மின்வாய்

ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆக்சைடு படலத்தை அமிலம் கரைத்தால் செம்பு அயனி வரும், அது மறுபடி செம்பின் மேல் படியலாம். படலமே நேராகவும் ஒடுங்கலாம். ஆனால் அது படலம் இருக்கும்வரைதான், அது தீர்ந்த பிறகும் கலம் வேலை செய்கிறது. பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்வது அதைத்தான்: செம்பு தேயவும் இல்லை, வளரவும் இல்லை, தேய்வது துத்தநாகம் மட்டுமே. எல்இடிக்கான சக்தியும் அதிலிருந்து வருவதுதான், பழத்திலிருந்து அல்ல.

வகுப்புக்கு இதையும் அடுத்து வையுங்கள். சுடாத பச்சை மண் வேண்டாம், சுட்ட, மெருகு இல்லாத அகல் விளக்கு ஒன்று. அதற்குள் மயில்துத்தக் கரைசலும் செம்பும், அகல் வெளிப்பக்கம் மட்டும் நனையும்படி சாற்றில் வைத்து, சாற்றில் துத்தநாகம். மின்னழுத்தம் 1.05 பக்கம் ஏறும், இணைத்து வைத்தால் செம்பின் மேல் புதுச் செம்பு இளஞ்சிவப்பாகப் படியும். இயற்பியல் சார் சொன்ன கலம் இதுதான். மயில்துத்தத்தை நேராகச் சாற்றில் கொட்டிவிடாதீர்கள், துத்தநாகத்தின் மேலேயே செம்பு கறுப்பாகப் படிந்து ஆட்டம் முடிந்துவிடும். கையாளும்போது கையுறை, விஷம் அது.

1948 ஜூலை 25-ஆம் தேதி நேரு சிக்ரிக்கு அடிக்கல் நாட்டியபோது அழகப்பச் செட்டியார் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும். மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆய்வகம் நம் ஊரில் இருக்கிறது. வாய்ப்பு கிடைக்கும்போது பிள்ளைகளை அழைத்து வாருங்கள், மாணவிக்கு இதே கேள்வியை அங்கே இருக்கிறவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.

கண்டனூர் டீச்சர்

அகல் விளக்கு வாங்கி வைத்துவிட்டேன். ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தெளியவில்லை. மூடிய பழத்துக்குள் எல்இடி எரியும்போது எலக்ட்ரானை வாங்குவதில் ஆக்சிஜனின் பங்கு எவ்வளவு, ஹைட்ரஜன் அயனியின் பங்கு எவ்வளவு? மாணவி அடுத்து இதைத்தான் கேட்பாள்.

மின்வாய்

பள்ளியில் எண்ணாக அளக்க எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை டீச்சர். ஆனால் பங்கு உண்டா இல்லையா என்று பார்க்கலாம். டம்ளர்க் கலத்தில் மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்துச் செம்புக்குப் பக்கத்தில் மட்டும் சாற்றைக் கண்ணாடிக் குச்சியால் கலக்குங்கள். எண் ஏறினால் புதிதாக வந்து சேர்ந்த ஏதோ ஒன்று எலக்ட்ரானை வாங்கியிருக்கிறது. அப்புறம் சாற்றைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு, அதே சோதனை. கரைந்திருந்த ஆக்சிஜன் பெரும்பாலும் போயிருக்கும். இரண்டு ஏற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். கலக்கும்போது ஒட்டியிருந்த குமிழிகளும் உதிரும் என்பதை மறக்காதீர்கள், அதனாலும் எண் கொஞ்சம் ஏறும்.

இயற்பியல் சார்

குமிழியின் பங்கைப் பிரிக்க, கலக்குவதற்குப் பதிலாகத் தகட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தால் என்ன? குமிழி உதிரும், சாறு அதிகம் கலங்காது. நாளை நானும் ஒரு டம்ளரில் செய்து எண்களைப் போடுகிறேன்.

தேவகோட்டை ஆச்சி

கொதிக்கவைத்த சாறு, கொதிக்காத சாறு இரண்டையும் மறக்காமல் கொட்டிவிடச் சொல்லுங்கள்.